கொக்கிப்புழு முட்டை: ஈதர் படிவில் தேடலாமா, காட்டோ-காட்ஸில் எண்ணலாமா?

கடும் ரத்தசோகையோடு வந்தவரின் மலத்தில் கொக்கிப்புழு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. ரத்தம் அந்தப் புழுக்களால்தான் குறைந்ததா என்பது வேறு கேள்வி. ஈதர் படிவில் முட்டைகளை எண்ணி, அதையே புழுச்சுமை என்று அறிக்கையில் எழுதுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஃபார்மால்-ஈதர் முறையில் சுமார் ஒரு கிராம் மலத்தை 7 மில்லி 10 சதவீத ஃபார்மலினில் கலக்கி வடிகட்டுகிறோம். 3 மில்லி ஈதர் சேர்த்து, அடைத்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் நான்கு அடுக்குகள் பிரியும்: மேலே ஈதர், அதன்கீழ் தக்கைபோல் இறுகிய கழிவு, பிறகு ஃபார்மலின், அடியில் படிவு. மேல் மூன்றையும் கொட்டிவிட்டுப் படிவைப் பார்க்க வேண்டும். ஒரு கிராமில் சிதறிக் கிடந்த முட்டைகள் சில சொட்டில் திரள்வதால் லேசான தொற்றும் அகப்படும். அமீபா, ஜியார்டியா சிஸ்ட்டுகளும் தெரியும்.

சென்னையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஈதரின் கொதிநிலை ஏறக்குறைய 35 டிகிரி. மே மாதத்தில் குளிரூட்டப்படாத அறையின் வெப்பமே அதைத் தாண்டும். குலுக்கும்போது அடைப்பான் தெறிக்கும், ஆவி எளிதில் தீப்பற்றும். 77 டிகிரியில் கொதிக்கும் எத்தில் அசிடேட்டை இங்கே பயன்படுத்துவதே சரி.

ஆனால் சல்லடையிலும் கழிவுத் தக்கையிலும் சில முட்டைகள் தங்கிவிடும். எத்தனை போயின என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். அதனால் படிவின் எண்ணிக்கையை எதனாலும் பெருக்க முடியாது.

காட்டோ-காட்ஸில் அளவு நிச்சயம். சல்லடையில் தேய்த்தெடுத்த மலத்தை அச்சுத் துளையில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம் கிடைக்கும். கிளிசரினில் ஊறிய செலோஃபேனால் மூடி அழுத்தி, ஸ்லைடு முழுவதையும் எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது; கிளிசரினில் வெளிறி மறைந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். மதியம் வரை மேசையில் கிடந்த ஸ்லைடு ‘முட்டை இல்லை’ என்று பொய் சொல்லும். தண்ணீராகப் போகும் மலத்துக்கும் ஃபார்மலினில் ஊறியதற்கும் இந்த முறை உதவாது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஹீமோகுளோபின் 6; ஈதர் படிவில் கொக்கிப்புழு முட்டைகள் தாராளமாகத் தெரிகின்றன. காட்டோ-காட்ஸின் இரண்டு ஸ்லைடுகளில் 31, 39. சராசரி 35, 24ஆல் பெருக்கினால் கிராமுக்கு 840. உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் 2,000க்குக் கீழே லேசான தொற்று, 4,000க்கு மேல் கடுமை. இந்த 840ஐ வைத்து அவ்வளவு ரத்தக்குறைவுக்கும் புழுவே காரணம் என்று முடிக்கக் கூடாது. புழுமருந்து கொடுக்கலாம், மாதவிடாய்ப் போக்கு, குடல் கசிவு, உணவில் இரும்புச்சத்து எல்லாவற்றையும் விசாரித்தே ஆக வேண்டும்.

ஸ்லைடில் ஒரே முட்டை தெரிந்தாலும் கணக்கு 24 ஆகிவிடுகிறது. அதற்குக் கீழான தொற்று எளிதில் நழுவும். ஆகவே புதிய மலத்தை வாங்கியதும் முதலில் காட்டோ-காட்ஸ் ஸ்லைடுகளைப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஃபார்மலினில் போடுங்கள். ஈதர் வேலையை மறுநாள்கூடச் செய்யலாம்.