சேலத்தில் பழைய கேமரா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ‘போனில் கனெக்ட் ஆகும்’ என்றால் நம்பிவிடாதீர்கள்

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஏற்காட்டில் குடும்பத்தோடு ஒரு படம் எடுக்க வேண்டும், அதில் நானும் இருக்க வேண்டும். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு, கையில் இருக்கும் போனிலிருந்தே கிளிக் செய்யலாம் என்றுதான் சேலத்தில் ஒரு கடையில் பழைய நிக்கான் D3400 வாங்கினேன்.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே போனில் SnapBridge ஆப்பைப் போட்டு இணைத்தார். ஒரு படம் எடுத்தார், கொஞ்ச நேரத்தில் அது போனுக்கு வந்தது. “ரிமோட்டும் இதிலேயே இருக்குங்க” என்றார். சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் எல்லோரையும் நிற்கவைத்துவிட்டு ஆப்பைத் திறந்தால், ரிமோட் வேலை செய்யவே இல்லை. அம்மா வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. D3400இல் இருப்பது புளூடூத் மட்டும், வைஃபை கிடையாது. போனிலிருந்து ஷட்டரை இயக்கும் வசதி இந்த மாடலுக்குத் தரப்படவில்லை. போனுக்குத் தானாக வந்திருந்த படமும் 2 மெகாபிக்சலாகச் சுருக்கிய நகல்தான். கேமராவில் அதே படம் 6000க்கு 4000, அதாவது 24 மெகாபிக்சல். போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பெரிதாக்கினால்தான் அம்மாவின் புடவைக் கரை கலங்கியிருப்பது தெரியும். கேமராவில் குறையில்லை. இல்லாத வசதியை இருக்கிறது என்று சொல்லி விற்றதுதான் என் வருத்தம்.

திரும்பப் போய்க் கேட்டேன். மன்னிப்புக்குப் பதிலாக WU-1a என்ற குட்டி வைஃபை அடாப்டரை எடுத்து நீட்டினார், அதற்குத் தனியாகப் பணம். நல்லவேளை, வாங்கவில்லை. அது D3300 போன்ற மாடல்களுக்கானது, D3400இல் வேலை செய்யாது. பில்லிலும் ‘கேமரா 1’ என்று மட்டும் எழுதியிருந்ததால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

போனுக்கு ஒரு படம் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா பார்க்கும் காட்சி போன் திரையில் ஓட வேண்டும், போனில் தொட்டதும் ஷட்டர் சத்தம் கேட்க வேண்டும். இரண்டையும் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். D5300 போல வைஃபை உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் கேமராவில் வைஃபையை ஆன் செய்ததும் போனின் வைஃபை பட்டியலில் நிக்கான் பெயரில் ஒரு நெட்வொர்க் வரும், அதையும் பாருங்கள். பில்லில் மாடல் எண்ணோடு ‘போன் ரிமோட் உண்டு’ என்று எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே D3400 வைத்திருப்பவர்கள் ML-L3 என்ற சின்ன அகச்சிவப்பு ரிமோட்டை வாங்கிக்கொள்ளலாம். கேமராவில் ரிமோட் மோடைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று அழுத்த வேண்டும். முழு அளவுப் படங்களுக்கு நான் இப்போது போனில் செருகும் கார்டு ரீடரைத்தான் பயன்படுத்துகிறேன். அம்மாவின் படத்தையும் அப்படித்தான் எடுத்துப் பிரிண்ட் போட்டேன்.