தம்பியோட வால்வும் ஊர் லேபும் - மூணு வார லீவுல பாத்தது

இந்த தடவை மே மாசம் லண்டன்ல இருந்து அறந்தாங்கி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். கோயில் குளம்னு சுத்தலாம்னுதான் பிளான், ஆனா பாதி நாள் தம்பியோட லேபுக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் அலைஞ்சதுலயே போச்சு. தம்பிக்கு 48 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில இதயத்துல அயோர்டிக் வால்வு மாத்தினாங்க, மூணு இதழ் இருக்க வேண்டிய வால்வு அவனுக்குப் பிறவியிலயே ரெண்டு இதழாம், அது சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போச்சு. வெச்சது மெக்கானிக்கல் வால்வு. ஊர்ல எல்லாரும் மெட்டல்னுதான் சொல்றாங்க, நிஜத்துல இதழ் ரெண்டும் ஒரு வகை கார்பன்.

ராத்திரி மொட்டை மாடியில பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்கும். மொத நாள் நான் வாட்ச்னு நெனச்சு தேடினேன்.

அதே வருஷம் பெரியப்பாவுக்கும் அதே வால்வுதான் மாத்துனாங்க, அவருக்கு 72. அவருக்கு வெச்சது டிஷ்யூ வால்வு, மாட்டோட இதயத்தைச் சுத்தி இருக்குற உறையைப் பதப்படுத்தி தெச்சது (மனுஷன் வாழ்க்கையில முட்டை கூடத் தொட்டதில்ல, வீட்ல யாரும் அவர்கிட்ட இன்னும் விவரமா சொல்லல). ரத்தம் உறையாம இருக்க மூணு மாசம் வார்ஃபரின் மாத்திரை போட்டாரு, அப்புறம் நிறுத்திட்டு ஆஸ்பிரின் மட்டும். இதைப் பாத்துட்டு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, "அவருக்கு மாத்திரை நின்னுபோச்சு, என் புள்ளைக்கு மட்டும் ஏன்டா ஆயுசுக்கும்?"

ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன் எங்களை உக்கார வெச்சு சொன்னதுதான் அம்மாவுக்கு பதில். டிஷ்யூ வால்வு பொதுவா 10, 15 வருஷத்துல தேய ஆரம்பிக்கும், அதுலயும் வயசு கம்மியா இருந்தா உடம்பு அதுல கால்சியத்தைச் சீக்கிரம் படிய வெச்சு இன்னும் வேகமா கெடுத்துடும். 72 வயசுல வெச்சா அது பெரும்பாலும் அவர் ஆயுசுக்குப் போதும். 46ல வெச்சா 60 வாக்குல மறுபடி ஒரு ஆபரேஷன், அதுவும் ஏற்கனவே பிளந்து ஒட்டின நெஞ்சுல. இப்பல்லாம் தொடை வழியா ட்யூப் விட்டு பழைய வால்வுக்குள்ளயே புதுசை விரிக்கிறாங்களே சார்னு கேட்டேன். முடியும், ஆனா மொத வால்வு சைஸ் சின்னதா இருந்தா உள்ள இன்னொண்ணு போனப்புறம் ரத்தம் போற வழி குறுகிடும், அதை நம்பி மட்டும் முடிவு எடுக்காதீங்கன்னாரு. அமெரிக்க கைட்லைன்ல அயோர்டிக் வால்வுக்கு 50க்குக் கீழ மெக்கானிக்கல், 65க்கு மேல டிஷ்யூ, நடுவுல ஆளைப் பொறுத்து. ஐரோப்பாவுல அந்தக் கீழ்க்கோடு 60. தம்பி எந்தக் கணக்குலயும் மெக்கானிக்கல் பக்கம்தான்.

ஆனா முடிவு சொல்றதுக்கு முன்னாடி அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "உங்க வீட்ல இருந்து ஐ.என்.ஆர். பாக்குற லேப் எவ்ளோ தூரம்?" அப்புறம், குடிப்பியா, மாத்திரையை மறப்பியா. அப்ப எனக்கு அது புரியல, இந்த தடவைதான் புரிஞ்சுது.

மெக்கானிக்கல் வால்வு தேயாது, ஆனா கார்பன் மேல ரத்தம் உறையும், உறைஞ்சா ஒண்ணு இதழ் மாட்டிக்கும் இல்ல கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிடும். அதுக்குத்தான் வார்ஃபரின். கம்மியானா உறையும், ஜாஸ்தியானா ரத்தம் கசியும், அந்த நடுவை அளக்குறதுதான் ஐ.என்.ஆர். அயோர்டிக் வால்வு, வேற பிரச்சினை இல்லன்னா 2க்கும் 3க்கும் நடுவுல. இதயத்துல இருக்குற இன்னொரு வால்வு, மைட்ரல்னா, இன்னும் கொஞ்சம் மேல, 2.5ல இருந்து 3.5.

போன மொத வாரம் டவுன்ல ஒரு லேப்ல ரத்தம் குடுத்தான். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிப் பாத்தா 'பேஷன்ட் 28 செகண்ட், கன்ட்ரோல் 13 செகண்ட்', ரத்தம் உறைய இவனுக்கு ஆன நேரமும் சாதாரண ரத்தத்துக்கு ஆகுற நேரமும், அவ்ளோதான். ஐ.என்.ஆர். எங்கம்மான்னு கேட்டா அந்தப் பொண்ணு, "28ஐ 13ஆல வகுத்துக்கோங்க சார், 2.15 வரும்". அப்படி வகுக்கக் கூடாதுங்க. ரத்தத்தை உறைய வைக்கிற கெமிக்கல் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வீரியம், அதுக்கு ஐ.எஸ்.ஐ.ன்னு ஒரு நம்பர் டப்பாவுலயே போட்டிருக்கும், வகுத்து வந்ததை அந்த நம்பருக்குப் பவர் ஏத்தணும். ஐ.எஸ்.ஐ. 1ஆ இருந்தா 2.15 சரி. டப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்தா 1.3! கால்குலேட்டர்ல போட்டா 2.7. அதே ரத்தம், அதே செகண்ட். 2.15ன்னு நம்பி யாராவது டோஸ் கூட்டியிருந்தா? இத்தனை நாளா இவன் அதே லேப்ல எழுதின செகண்டை வெச்சுத்தான் ஃபோன்ல டாக்டர்கிட்ட பேசியிருக்கான், கேக்கவே வயித்தைக் கலக்குச்சு.

ரெண்டாவது வாரம் இன்னொரு கூத்து. கல்யாண வீட்ல சாப்ட்டு வயித்தால போச்சு, மெடிக்கல்ல போய்க் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கி நாலு நாள் போட்டிருக்கான், யார்கிட்டயும் சொல்லல. அஞ்சாம் நாள் பல்லு விளக்கும்போது துப்புனது பூரா செவப்பு. "ஈறு வீங்கியிருக்கு போலண்ணே"ங்கிறான். இழுத்துக்கிட்டு 40 கிலோமீட்டர் தள்ளி புதுக்கோட்டைக்குப் போய் வேற லேப்ல பாத்தா ஐ.என்.ஆர். 5.2. அந்த மாத்திரை வார்ஃபரினை லிவர் கரைக்க விடாம தடுக்கும், அதனால அதே டோஸே ஜாஸ்தியா வேலை செய்யும். சென்னை டாக்டர் ஃபோன்லயே தலைவலி இருக்கா, மலம் கருப்பா போகுதான்னு கேட்டாரு, ரெண்டும் இல்லன்னதும் ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி பாருங்கன்னாரு. நானே வார்ஃபரினை முறிக்கிற வைட்டமின் கே ஊசி போட்டுரலாமான்னு அவசரப்பட்டேன். வேணாம், அப்படித் தடாலடியா இறக்குனா வால்வு மேல உறைஞ்சிடும்னாரு. மூணாம் நாள் 2.8.

கீரை விஷயத்தையும் அவர்தான் தெளிவாக்கினாரு. கீரையிலயும் அதே வைட்டமின் கே இருக்குன்னு அம்மா ரெண்டு வருஷமா முருங்கைக்கீரையையே வீட்டுக்குள்ள விடல. அப்படித் தேவையில்ல, வாரத்துக்கு ரெண்டு நாள்னா எப்பவும் ரெண்டு நாள், அந்தப் பழக்கத்துக்கு ஏத்த மாதிரி டோஸ் வெச்சுக்கலாம், திடீர்னு கூட்டுறதும் நிறுத்துறதும்தான் தப்பு. அன்னைக்கு மத்தியானம் தம்பி கீரைப் பொரியலைத் தட்டுல வெச்சு, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்.

நான் கெளம்புறதுக்கு முன்னாடி, விரல்ல குத்திப் பாக்குற ஐ.என்.ஆர். மீட்டர் ஒண்ணு கொண்டு போயிருந்தேன், அதைக் குடுத்தேன். விலை ஜாஸ்திதான், ஸ்ட்ரிப்பும் ஜாஸ்திதான். புதுக்கோட்டை லேப்ல இன்னொரு தடவை ரத்தம் குடுத்த அதே நாள் மீட்டர்லயும் பாத்தோம், லேப் 2.5, மீட்டர் 2.7, பரவால்லன்னாரு டாக்டர். தம்பி பொண்டாட்டிகிட்ட ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வந்தேன், அந்த டிக் சத்தம் மழுங்கினாலோ இவனுக்கு மூச்சு வாங்கினாலோ மீட்டரைத் தேடாத, நேரா எக்கோ இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. "எனக்கு அந்தச் சத்தம் கேக்கலன்னாதான் மாமா முழிப்பே வருது"ன்னுச்சு.

ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்கு மேல வைக்கக் கூடாதாம், ஊர்ல 39 அடிக்குது. இப்ப அது ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு தூக்குக்குப் பின்னாடி இருக்கு.