மணல், தண்ணீர், நெருப்பு: இந்த விதிகளோடு சில வருடங்கள்

சொந்தமாக எழுதிய ஒரு சாண்ட்பாக்ஸ் விளையாட்டில் மணல், தண்ணீர், நெருப்புக்கான செல்லுலார் ஆட்டோமேட்டா விதிகளை, அதாவது திரையின் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மாறும் விதிகளை, சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். மணலைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கீழே காலியாக இருந்தால் இறங்கும். இல்லையென்றால் கீழ் இடதோ கீழ் வலதோ சரியும். அதற்கும் இடமில்லை என்றால் அப்படியே நிற்கும். கட்டங்களைக் கீழ் வரிசையிலிருந்து மேல்நோக்கிப் பார்த்து வந்தால் போதும். மேலிருந்து பார்த்தால், இப்போதுதான் இறங்கிய மணல் அடுத்த வரிசையில் மறுபடி அகப்படும். ஒரே ஃபிரேமில் தரைக்குப் போய்விடும், விழுவதே கண்ணில் படாது.

தண்ணீர் பக்கவாட்டிலும் நகரும் என்பதால் இதே கோளாறு அங்கே வேறு வேஷத்தில் வரும். எப்போதும் இடமிருந்து வலமாகப் பார்த்தால், வலப்பக்கம் போகும் துளி ஒரே ஃபிரேமில் சுவர் வரை ஓடிவிடும். இடப்பக்கம் போவது ஒரு கட்டம்தான் நகரும். பார்க்கும் திசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றி, நகர்ந்த கட்டத்துக்கு ஓர் அடையாளமும் வைத்தால் சரியாகிவிடும். ஆனாலும் மேற்பரப்பில் மிஞ்சும் ஒற்றைத் துளி இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். அசையாத பகுதிகளைக் கணக்கிடாமல் விட்டு வேகம் கூட்டலாம் என்றால், அந்தத் துளி விடாது.

நெருப்புதான் நிஜமான தலைவலி. எரியும் கட்டம், பக்கத்து மரக்கட்டத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் p வாய்ப்போடு பற்றவைக்கும். L ஃபிரேம் கழித்து அணைந்துவிடும். பெரிய மரக்கட்டையில் p = 0.02, L = 60 அழகாக எரிகிறது. அதே எண்களோடு ஒரு கட்டம் தடிமனில் திரி வரைந்து பற்றவையுங்கள், பெரும்பாலும் பாதியில் அணைந்துவிடும். அணைவதற்குள் அடுத்த கட்டத்துக்கு நெருப்பு தாவும் வாய்ப்பு இது:

```
1 - (1 - p)^L
```

கணக்குப் போட்டால் சுமார் 0.70. கேட்க நல்ல எண்தான். ஆனால் நெருப்பு பத்து முறை தொடர்ந்து தாவ வேண்டுமென்றால் 0.70-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். மிஞ்சுவது 3 சதவீதம்கூட இல்லை. கட்டையில் ஒவ்வொரு கட்டத்தையும் பல பக்கத்திலிருந்து நெருப்பு தொடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. திரிக்கு வருவது ஒரே ஒரு பக்கம்.

p-யைக் கூட்டினால் திரி தப்பிக்கும், ஆனால் கட்டை கண்மூடித் திறப்பதற்குள் சாம்பலாகும். அதனால் L-ஐத்தான் ஏற்றினேன். 200 வைத்தால் பத்துத் தாவலும் நடக்கும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். 300 வைத்தால் 97-ஐத் தாண்டும். பரவும் வேகம் பெரிதாக மாறாது, தழல்தான் கூடுதல் நேரம் நிற்கும். ஒரே சிக்கல், ஆயுளை ஒரு பைட்டில் வைத்திருந்தால் 255-க்கு மேல் கொள்ளாது. 150 என்று எழுதிவைத்து, இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை குறைத்துக்கொள்கிறேன்.