காஸ் சிலிண்டருக்கடியில் ஒரு லோட் செல்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்துதான் மாமி மதியச் சோத்துப் பார்சல் கட்டிக் கொடுக்கிறார். ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அவருக்கு ஒரு வாரம் சொச்சம் வரும். எப்போது முடியும் என்று தெரியாததுதான் தொல்லை. பாதிச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பு அணைந்தால் அன்றைய பார்சல் கணக்கே குழம்பிவிடும். அதனால் சிலிண்டருக்கடியில் ஒரு டிஜிட்டல் தராசு செய்து வைத்தேன். பாரம் ஏறினால் இலேசாக வளைந்து அதை மின் சமிக்ஞையாகத் தரும் 50 கிலோ தாங்கும் ஒற்றைக் கட்டை லோட் செல், அந்தச் சமிக்ஞையைப் பெருக்கி எண்ணாக்கும் HX711 பலகை, அந்த எண்ணை வாசித்துக் கணக்குப் பார்க்கும் ESP32 பலகை ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொரு தகடு, அவ்வளவுதான். ஒரு கச்சான் காலமும் ஒரு மாரியும் தாண்டி இன்றும் வேலை செய்கிறது.

லோட் செல் தராசு செய்வது பற்றிய குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை சமையலறைத் தராசை மனதில் வைத்து எழுதப்பட்டவை: பொருளை வை, பார், எடு. அங்கே விலகல், அதாவது எடை மாறாமலே எண் மெல்ல நகர்வது, பெரிய விஷயமே இல்லை. தட்டு வெறுமையாகும் ஒவ்வொரு தடவையும் பூச்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் அப்படியல்ல, வைத்தால் ஒரு வாரத்துக்கு அசையாது. அந்த வாரத்தில் எடை 40 கிராம் குறைந்தால் அது காஸ் போனதா, செல் விலகியதா என்று தராசுக்குத் தெரிய வழியில்லை.

முதலில் பூச்சியம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். HX711 நூலகத்தோடு வரும் மாதிரி நிரலில் `setup()` உள்ளே `scale.tare()` இருக்கும். கரண்ட் போய் வந்தால் பலகை மறுபடி தொடங்கும், அப்போது மேலே இருக்கும் 20 கிலோ சிலிண்டரையும் சேர்த்துப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் கரண்ட் போவது புதினமில்லை. ஆகவே பூச்சிய எண்ணையும், ஒரு கிலோவுக்கு எண் எவ்வளவு மாறும் என்று சொல்லும் அளவுக் காரணியையும் பலகையின் நிலையான நினைவகத்தில் எழுதி வைத்து, தொடங்கும்போது அங்கிருந்து வாசிக்க வேண்டும்.

```cpp
prefs.begin("scale", true);
scale.set_offset(prefs.getLong("offset", 0));
scale.set_scale(prefs.getFloat("factor", 1.0));
prefs.end();
```

அளவுத் திருத்தத்துக்கு அரிசி மூட்டையில் அச்சடித்த எடையை நம்பவில்லை. இரண்டு கலன்களில் தண்ணீர் நிரப்பி, மூடி, சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தேன். அது அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை உள்ள தராசு. 20.36 கிலோ காட்டியது. அந்தத் தராசு 10 கிராம் படியில் காட்டுவது, எங்கள் தேவைக்குத் தாராளம். வீட்டில் வெறும் தட்டில் HX711 தந்த எண் ஏறக்குறைய 84,000. கலன்களை வைத்ததும் 18,32,900. வித்தியாசத்தை 20.36ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 85,900. இதுதான் காரணி.

திருத்தத்தைக் கடைசியாகச் செய்ய வேண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படியும். அதனால் பலகைகள், அடாப்டர் எதையும் கீழே வைக்காமல் சுவரில் உயரத்தில் மாட்டி, லோட் செல்லின் நான்கு கம்பிகளையும் நீட்டிக் கொண்டுபோனேன். நீட்டிய கம்பியின் மின்தடை செல்லுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், காரணியும் கொஞ்சம் மாறும். கம்பியை நீட்டிய பிறகு நிறுத்தால் அந்தக் குறையும் காரணிக்குள்ளேயே அடங்கிவிடும்.

இனி விலகல். காலையில் குசினி 27 பாகையில் இருக்கும், மூன்று அடுப்பும் எரிந்து முடிய 33, 34க்குப் போகும். செல்லின் உலோகம் சூடாகும்போது எடையே மாறாமல் எண் மாறும். எவ்வளவு மாறும் என்பது ஒவ்வொரு செல்லுக்கும் வேறு, கடையில் தரும் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் காஸ் குறைந்துகொண்டே இருக்கும்போது எப்படி அளப்பது?

விடை மாமியின் பழக்கத்திலேயே இருந்தது. இரவு வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுப்பார். மூடிய நேரத்திலிருந்து விடியும் வரை சிலிண்டரின் எடை உண்மையில் மாறுவதில்லை. அந்த நேரத்தில் திரையில் மாறுவதெல்லாம் விலகல்தான். செல்லின் உலோகத்தோடு ஒட்டி ஒரு DS18B20 வெப்ப உணரியைக் கட்டி, இரவு முழுவதும் எடையையும் வெப்பத்தையும் பதிய விட்டேன். உணரி காற்றில் தொங்கினால் பயனில்லை. காற்று சீக்கிரம் ஆறும், உலோகம் மெதுவாக ஆறும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு பொருந்தாது.

ஓர் இரவின் பதிவு இப்படி: மூடும்போது 33 பாகை, 19.284 கிலோ. விடியற்காலை 27 பாகை, 19.248 கிலோ. ஆறு பாகைக்கு 36 கிராம், அதாவது பாகைக்கு 6 கிராம். இதே கணக்கைச் சிலிண்டர் நிறைய இருக்கும்போதும், முடியப்போகும் நேரத்திலும் செய்து பார்ப்பது முக்கியம். பாரம் குறையக் குறைய இந்த 6ம் அதே விகிதத்தில் குறைந்தால் வெப்பம் காரணியைத் தொடுகிறது, பெருக்கித் திருத்த வேண்டும். பாரம் எவ்வளவானாலும் 6க்கு அருகிலேயே நின்றால் பூச்சியம்தான் நகர்கிறது, கழித்தால் போதும். என் செல் இரண்டாவது வகை.

```cpp
float kg = scale.get_units(20);
kg -= 0.006 * (tCell - 27.0);
```

இந்த ஒரு வரி சேர்த்த பிறகு இரவுப் பதிவு ஏறக்குறைய நேர்கோடாகிவிட்டது. மிச்சம் ஆடுவது பத்துக் கிராமுக்குள். புதுச் சிலிண்டர் வைத்த முதல் இரவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாரம் ஏறியதும் செல் உடனே ஒரு நிலைக்கு வந்து நிற்பதில்லை, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். அந்த ஊர்வு வெப்ப விலகலோடு கலந்து தப்பான எண்ணைத் தரும்.

சிலர் செய்கிற குறுக்குவழி ஒன்று இருக்கிறது: மிக மெதுவாக நடக்கும் மாற்றத்தையெல்லாம் விலகல் என்று நிரலே தள்ளிவிடும்படி எழுதுவது. கடைத் தராசுகள் பூச்சியத்துக்கு அருகில் இதைத்தான் செய்கின்றன, அங்கே சரி. இங்கே பருப்பு சிறு தீயில் கொதித்தால் மணிக்கு ஐம்பது அறுபது கிராம் காஸ்தான் போகும். அதையும் விலகல் என்று விழுங்கிவிட்டால், சிலிண்டர் முடிந்த பிறகும் திரையில் இரண்டு கிலோ நிற்கும்.

சிலிண்டர் மாற்றும் நேரம்தான் தட்டு வெறுமையாகும் ஒரே நேரம். பழையதை இறக்கியதும் எண் நேரே பூச்சியத்துக்கு வராது. ஒரு வாரம் வளைந்து கிடந்த செல் நிமிர நேரம் எடுக்கும், முப்பது நாற்பது கிராம் மிச்சம் காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் இறக்கி ஐந்து நிமிடம் கழித்துப் பூச்சியத்தைப் பதிகிறேன், போன முறை ஐந்தாம் நிமிடத்தில் இருந்ததோடு ஒப்பிடுகிறேன். ஒரே இடைவெளியில் எடுத்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே அடித்திருக்கும், அதோடு 12.5ஐக் கூட்டினால் புதுச் சிலிண்டர் எவ்வளவு காட்ட வேண்டும் என்று தெரியும். பூச்சியம் சரியாக இருந்து இந்த எண் மட்டும் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால், தண்ணீர்க் கலன்களைத் திரும்பத் தூக்க வேண்டியதுதான். இந்தக் காரணத்துக்காக இதுவரை அந்தத் தேவை வரவில்லை.

வெப்பத்தைவிட அதிகம் அலைக்கழித்தது காஸ் ஹோஸ். கெட்டியான றப்பர்க் குழாய், ஒரு முனை சிலிண்டரில், மறுமுனை அடுப்பில். யாராவது அடுப்பைக் கொஞ்சம் தள்ளினால் குழாய் சிலிண்டரை மேலே தூக்கும் அல்லது கீழே அமுக்கும். ஒருநாள் மாமி கூப்பிட்டு, "மகன், காத்தால இருந்ததுக்கு இப்ப காஸ் கூடிட்டு, இது என்ன புதினம்?" என்று கேட்டார். பதிவைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் 180 கிராம் ஏறியிருந்தது. வெப்ப விலகல் ஒருபோதும் இப்படிப் படியாக ஏறாது. திடீரென்று ஒரு படி, அதன் பிறகு பழைய வேகத்திலேயே குறைவு என்றால் ஏதோ தொடுகிறது அல்லது இழுக்கிறது என்று அர்த்தம். ஹோஸைத் தொய்வாக ஒரு வளையம் விட்டு, சிலிண்டர் தொடாமல் சுவரில் பிடித்து வைத்த பிறகு அந்தப் படி குறைந்து இருபது கிராமுக்குள் வந்துவிட்டது.

மாரியில் வந்தது வேறு வகை. வெப்பம் மாறாத இரவுகளிலும் எண் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது, சிலிண்டர் மாற்றும்போது பூச்சியம் 400 கிராம் தள்ளி நின்றது. இதைச் சமன்பாட்டால் திருத்த முனையக் கூடாது, செல்லுக்குள் ஈரம் போயிருக்கிறது. பார்க்கும் முறை சுலபம். நான்கு கம்பிகளையும் HX711இலிருந்து கழற்றி, ஒவ்வொரு கம்பிக்கும் செல்லின் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை ஆகக் கூடிய ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல செல்லில் எந்த எண்ணும் வராது. எங்களுடையதில் ஏழெட்டு மெகா ஓம் காட்டியது. மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. குசினித் தரையைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், செல் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில்தான் இருந்தது.

வெயிலில் நன்றாகக் காயவிட்டதும் கொஞ்சம் சரியானது, முழுதாக இல்லை. புதுச் செல் போட்டு, காரணியையும் வெப்பக் கணக்கையும் முதலிலிருந்து எடுத்தேன் (புதியதற்குப் பாகைக்கு 4 கிராம்). கம்பி செல்லுக்குள் போகும் இடத்தில் சிலிக்கன் பூசினேன். ஹார்ட்வெயார் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், வினாகிரி மணக்கும் சிலிக்கன் வேண்டாம். அது காயும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். அந்த மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். இப்போது தட்டு ஒரு செங்கல் உயரத்தில் நிற்கிறது.

இதனால் முடியாததையும் சொல்ல வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க இதை நம்பாதீர்கள். மணிக்கு இரண்டு மூன்று கிராம் கசிந்தால் அது மணிக்கணக்கில் ஆட்டத்துக்குள் மறைந்திருக்கும், சவர்க்கார நுரைதான் அதற்குச் சரி. கருவாட்டு வியாபாரம் செய்யும் மச்சான் ஒருவர் இதேபோல் ஒன்று செய்து தரச் சொன்னார், முடியாது என்றேன். விற்பனைக்கு நிறுக்கும் தராசு சட்டப்படி சரிபார்த்து முத்திரை வாங்கியதாக இருக்க வேண்டும், வீட்டில் பொருத்திய லோட் செல்லை அங்கே வைக்க முடியாது. வீட்டில் அவருடைய சிலிண்டருக்கு வேண்டுமானால் செய்து தருகிறேன் என்றேன், ஹோஸின் நீளத்தை அளந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.