கரும்பழுப்புக் கண்ணுக்கு எது பொருந்தும்: லைட்ரூமா, High Passஆ, Curvesஆ?

யாழ்ப்பாணத்தில் நாம் எடுக்கும் முகங்களில் பெரும்பாலானவை கரும்பழுப்புக் கண் கொண்டவை. இணையத்தில் கண் திருத்தம் சொல்லித் தரும் காணொளிகள் பலவற்றில் இருப்பதோ நீலக் கண்ணும் பச்சைக் கண்ணும். அதே அளவுகளை நம் சாமத்திய வீட்டுப் படத்தில் போட்டால், அல்பத்தைப் பார்க்கும் அம்மா கேட்பது இதுதான்: “என்ன தம்பி, பிள்ளையின்ர கண் பூனைக்கண் மாதிரி இருக்கு?”

ஒரு படத்தை வைத்தே மூன்று வழிகளையும் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கமரா, செங்குத்துச் சட்டம், தலையும் தோளும். சட்டத்தின் உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றருக்குப் பத்துப் பிக்சல் வரும். கருவிழியின் விட்டம் சுமார் 12 மில்லிமீற்றர், ஆகவே 120 பிக்சல். ஒரு இமைமயிரின் தடிப்போ ஒரு பிக்சல், மஸ்காரா போட்டிருந்தால் இரண்டு. இந்த இரண்டையும் ஒரே கருவியால், ஒரே அளவில் கூர்மையாக்கப் போவதில்தான் கரகரப்பு தொடங்குகிறது.

லைட்ரூமில் People மாஸ்க்கே கண்ணைத் தேடிப் பிடித்துவிடும். நூற்றுக்கணக்கான படங்களை இரண்டு நாளில் கொடுக்க வேண்டுமென்றால் இதை விட வேறு வழியில்லை. ஆனால் Iris and Pupil என்ற தெரிவு கருவிழியையும் நடுவிலுள்ள கறுப்பு மணியையும் சேர்த்தே எடுக்கும். Exposureஐ ஏற்றினால் மணியும் வெளிறி, பார்வை செத்துப்போகும். Subtract தூரிகையால் மணியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள், +0.4 தாண்ட வேண்டாம். Clarityயைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நம் கருவிழி ஏற்கெனவே இருண்டது, Clarity அந்த இருளை இன்னும் அழுத்தும். Texture +15 அளவில் போதும்.

இமைமயிருக்கு என் தெரிவு போட்டோஷொப்பின் High Pass. படத்தின் பிரதியை மேல் லேயராக வைத்து, Radius 1 பிக்சல் கொடுத்து, நிறத்தை நீக்கி, Soft Light இல் போடுங்கள். நிறம் நீக்காவிட்டால் மயிரோரத்தில் நிறக்கோடுகள் தெரியலாம். பலரும் Radiusஐ 4, 5 என்று வைத்து Overlay இல் போடுகிறார்கள். ஒரு பிக்சல் மயிருக்கு ஐந்து பிக்சல் விளிம்பு கொடுத்தால் மயிரைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வராமல் என்ன செய்யும்? மாஸ்க்கைக் கறுப்பாக்கி, மயிர்களின் மேல் மட்டும் தூரிகையை ஓட்டுங்கள். கண்மை தீட்டிய கீழ் இமையை விட்டுவிடுங்கள். மைக்கும் வெண்விழிக்கும் நடுவே ஏற்கெனவே கடும் மாறுபாடு உண்டு. அதைக் கூர்மையாக்கினால் மையின் ஓரத்தில் வெட்டியது போல ஒரு வெள்ளைக்கோடு நிற்கும். வெண்விழிக்கும் இது ஆகாது, சிவந்த நரம்புகள்தான் எழும்பும்.

கருவிழிக்கு இதே High Passஐப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் பெரிதாக நடக்காது. அங்கே குறைவது கூர்மை இல்லை, வெளிச்சம். அதனால் Curvesக்குத்தான் என் வாக்கு. ஒரு Curves லேயர் திறந்து 45 இலுள்ள புள்ளியை 65க்கு உயர்த்துங்கள். லேயரை Luminosityக்கு மாற்றுங்கள், Normal இல் விட்டால் பழுப்பு செம்மஞ்சளாக ஏறும். மாஸ்க்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கி, Flow 10 வீதத்தில் மெதுவான வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள்.

எங்கே தீட்டுவது என்பதுதான் முக்கியம். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பத்து மணித் திசையில் பளிச்சிட்டால், ஒளி விழிக்குள் நுழைந்து எதிர்ப்பக்கம் விழும். ஆகவே நான்கு மணிப் பக்கத்தில் ஒரு பிறை வடிவம் மட்டும் தீட்ட வேண்டும். நடு மணியையும் கருவிழியின் வெளி வளையத்தையும் இருட்டாகவே விடுங்கள். வளையம் வெளிறினால் கண்ணாடிக் கண் போலாகிவிடும். முழு வட்டத்தையும் சமமாக ஏற்றினாலும் அப்படித்தான். பிறைக்குள் இழைகள் தாமாகவே தெரிய வரும், கூர்மையாக்காமலே.

சரி, அளவு மீறியது எப்படித் தெரியும்? 100 வீதத்தில் மயிரோர வெள்ளைக்கோட்டைத் தேடுங்கள். அப்புறம் 25 வீதத்துக்குச் சுருக்கி லேயரை அணைத்து அணைத்துப் பாருங்கள். முகத்துக்கு முன் கண் தெறித்து வந்தால் Opacityஐப் பாதியாக்குங்கள். அல்ப அச்சுக்குப் போகும்போது இன்னொரு கூர்மையாக்கம் சேரும் என்பதால் திரையில் சற்றுக் குறைவாகத் தெரிவதே சரி.

85 மில்லிமீற்றர் லென்ஸில் f/1.8 வைத்து ஒன்றரை மீற்றரில் எடுத்தால் தெளிவு ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் நிற்கும். குவியம் மூக்கு நுனியில் விழுந்துவிட்ட படத்துக்கு இந்த மூன்றில் எதுவும் உதவாது. அடுத்த படத்தை எடுங்கள்.