கேரளத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்நாட்டில் சாதிச் சான்று: எல்லையோரத்திலிருந்து ஓர் அனுபவம்

களியக்காவிளைப் பக்கத்தில் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போவது புதிதல்ல. எங்கள் குடும்பத்திலும் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பெற்றோர் எந்த மாநிலத்தவர் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே பிறப்புச் சான்று கேரள உள்ளாட்சி அமைப்பிலிருந்தும், சாதிச் சான்று விளவங்கோடு வட்டத்திலிருந்தும் வர வேண்டும். பல வருடங்களாக உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் இரண்டு இணையதளங்களிலும் விண்ணப்பித்து வருகிறேன். சிக்கல் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் இருப்பதில்லை, பெயரில்தான் இருக்கிறது.

அக்கா மகளின் விஷயத்தைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றைக் கேரளத்தின் கே-ஸ்மார்ட் தளத்தில் (ksmart.lsgkerala.gov.in) எடுத்தோம். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சான சான்று. அதில் தகப்பனார் பெயர் JAYACHANDRAN. அத்தானின் பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் JEYACHANDRAN. குமரி மாவட்டத்தில் நாம் ‘ஜெய’ என்போம், எழுதுவோம். மருத்துவமனையில் படிவத்தை நிரப்பியவர் மலையாள வழக்கப்படி எழுதிவிட்டார். ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடலாம்; ஆனால் பள்ளி மாற்றுச் சான்று இல்லாத சிறு குழந்தைக்கு, இன்னார் பிள்ளை என்று காட்டும் முதல் ஆவணமே பிறப்புச் சான்றுதான். தகப்பனாரின் சாதிச் சான்றோடு அது பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

எனவே சாதிச் சான்றுக்குக் கை வைக்கும் முன் பிறப்புப் பதிவைத் திருத்தச் சொன்னேன். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 15ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது: பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தத்தைக் குறிப்பார். அத்தானின் பள்ளிச் சான்றை ஆதாரமாகக் கொடுத்தோம். திருத்திய சான்று வந்த பிறகே தமிழ்நாட்டுத் தளத்தைத் திறந்தோம். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம்.

தமிழ்நாட்டில் tnesevai.tn.gov.in. முதலில் குழந்தைக்கு CAN என்ற எண் உருவாக்க வேண்டும். பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் அதில் போடுவதுதான் பிறகு சான்றிலும் அச்சாகும். கைப்பேசி எண்ணில் கவனம் வேண்டும்: கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். எங்கோ ஒரு சேவை மையத்தில் அவர்களுடைய எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டு, பிறகு வீட்டிலிருந்து திருத்த முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எண்ணையே கொடுங்கள்.

அதன்பின் REV-101, சாதிச் சான்று. புகைப்படம், முகவரிச் சான்று, தகப்பனாரின் சாதிச் சான்று, கையெழுத்திட்ட சுய உறுதிமொழி. கட்டணம் 60 ரூபாய். பணம் கட்டியதும் TN- என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வரும். அந்த எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்கலாம்.

நிலை பார்ப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மண்டலத் துணை வட்டாட்சியரும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் கையெழுத்திடுவார்கள். முதல் கட்டத்திலேயே அசையாமல் நின்றால், அலுவலர் மூல ஆவணங்களை நேரில் எதிர்பார்க்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். திரை அதைச் சொல்லாது. ஒப்புகைச் சீட்டோடு நேரில் போய்விடுவது நல்லது. திருப்பி அனுப்பப்பட்டதாகக் காட்டினால் அது நிராகரிப்பு அல்ல. குறிப்பைப் படித்து, கேட்ட ஆவணத்தைச் சேர்த்து, அதே விண்ணப்பத்தை மீண்டும் சமர்ப்பிக்கலாம். புதிதாக இன்னொன்று போட வேண்டியதில்லை.

எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்ததால் தாத்தாக்களின் பள்ளிச் சான்றுகள் மலையாளத்தில் இருக்கும். சில சாதிகள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் ஒரு பட்டியலில், மற்ற மாவட்டங்களில் வேறு பட்டியலில் வரும். தகப்பனாரின் சான்றில் உள்ள பெயரையும் உட்பிரிவையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே தேர்ந்தெடுங்கள். குழந்தை கேரளத்தில் பிறந்ததால் இதில் எதுவும் மாறாது; பெற்றோரின் நிரந்தர வசிப்பிடமே கணக்கு.

அக்கா மகளுக்குச் சான்று மின்கையொப்பத்தோடும் கியூஆர் குறியீட்டோடும் வந்தது. பள்ளியில் எந்தக் கேள்வியும் எழவில்லை. இரண்டாவது குழந்தையும் அதே ஊரில்தான் பிறந்தது. இந்த முறை மருத்துவமனைப் படிவத்தோடு அத்தானின் ஆதார் நகலை வைத்து, பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதச் சொன்னோம். பிறப்புச் சான்று முதல் தடவையே JEYACHANDRAN என்று வந்தது.