கான்ட்ராக்ட் முடியறப்போ நன்றி: வாட்ஸ்ஆப்பா, பில்லோடவா, தனி மெயிலா?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி, தோல் கம்பெனிகளுக்கு வெளியில இருந்து டேலி, ஸ்டாக் கணக்கு பாக்கறவங்களுக்கு மார்ச் 31 வந்தா கான்ட்ராக்ட் முடியும், அப்போ நன்றி எப்படி சொல்றோம்ங்கறத வச்சுதான் அடுத்த வேலைக்கு நம்ம பேர் ஞாபகம் வரும்.

பெரும்பாலும் நடக்கறது வாட்ஸ்ஆப். "தேங்க்ஸ் பாய், வேற வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு போட்டா உடனே கும்பிடு எமோஜி வந்துடும், பேச்சும் அதோட முடிஞ்சுடும். என்ன வேலை, எப்போன்னு யோசிக்கற பொறுப்ப வேலை குடுத்தவர் தலையில வச்சுட்டோம், அவருக்கு ஷிப்மென்ட் டென்ஷனே ஆயிரம் இருக்கு. நாளைக்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜர் ஆள் தேடினா அந்த மெசேஜ் அவர் போன்ல இருக்கவும் இருக்காது.

கடைசி பில்லோட நன்றி வைக்கறது இதவிட மோசம்னு நான் சொல்வேன். பில் பேமென்ட் பாக்கற டேபிளுக்குப் போயிடும், நன்றியும் அங்கயே ஃபைல் ஆயிடும், அதோட படிக்கறவருக்கு அது காசு கேக்கற மாதிரிதான் தெரியும்.

என் ஓட்டு தனி மெயிலுக்கு. ஃபைல் எல்லாம் ஒப்படைச்ச ஒரு வாரத்துக்குள்ள, மேனேஜருக்கும் காப்பி போட்டு, பணத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம அனுப்பணும். சப்ஜெக்ட்ல கம்பெனி பேரும் வேலை பேரும் இருந்தா பின்னாடி தேடினா கிடைக்கும். உள்ள இப்படி:

"வணக்கம் சார். ஜாப்வொர்க் சலான் கணக்க டேலில ஏத்தற வேலை முடிஞ்சது. குடோன்ல இருந்து தினமும் சாயங்காலமே சலான் காப்பி வந்ததாலதான் சொன்ன தேதிக்கு முடிக்க முடிஞ்சது, அவங்களுக்கும் என் நன்றி. ஸ்டிச்சிங் யூனிட்டுக்குப் போன தோல்ல சில சலானுக்கு ஜனவரியோட ஒரு வருஷம் ஆகுது, டிசம்பர் முதல் வாரம் ஒரு தடவ பாத்துட்டா நல்லது. வேணும்னா நவம்பர்ல கேக்கறேன். ஏப்ரல் 30 வரைக்கும் இந்த வேலைல சந்தேகம்னா போன் பண்ணுங்க."

இதுல சலான் வரிதான் உயிர். ஜாப்வொர்க்குக்கு அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரலைன்னா, ஜிஎஸ்டில அது அனுப்பின அன்னைக்கே சப்ளை ஆனதா எடுத்துப்பாங்க, வரியும் வட்டியும் விழும். அதனால இது வேலை கேக்கறதா தெரியாது, அவங்களுக்கு உண்மையாவே தேவைப்படற தகவல். ஆனா கணக்குல நிஜமா பாத்தத மட்டும்தான் எழுதணும், சும்மா பயமுறுத்தினா அவங்க ஆடிட்டர் ஒரே போன்ல கண்டுபிடிச்சுடுவாரு.

ஏப்ரல் 30ன்னு தேதி போடலைன்னா ஆகஸ்ட்லயும் ஃப்ரீயா வேலை பாத்துட்டு இருப்போம். "அடுத்த தடவ கம்மி பண்ணித் தரேன்"னும் எழுதாதீங்க, அடுத்த பேச்சு அந்த ரேட்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

முதலாளியே எல்லாத்தையும் பாக்கற சின்ன யூனிட், மெயிலே தெறக்க மாட்டாருன்னா இதே வரிகள வாட்ஸ்ஆப்லயே போடுங்க, ஆனா டைப் பண்ணிப் போடுங்க, வாய்ஸ் நோட்ட டிசம்பர்ல தேடி எடுக்க முடியாது.